ஐப்பசி மழைக்குச் சித்திரையில் பணம்

எங்கள் வீடு கட்டி முடித்துப் பதினைந்தாம் ஆண்டு. ஐப்பசி அடைமழையில் ஒரு நள்ளிரவு படுக்கையறைக் கூரையிலிருந்து மின்விசிறியின் மேல் தண்ணீர் சொட்டியது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கட்டிலை ஓரமாகத் தள்ளி, நடுவில் வாளியை வைத்தோம். மறுநாள் காலை ஊரிலுள்ள எல்லோருக்கும் அதே வேலை என்பதால் ஆள் கிடைக்கவில்லை. நான்காம் நாள் மழை சற்று விட்டபோது ஒருவர் வந்து, மொட்டை மாடி முழுவதும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தார். 900 சதுர அடிக்கு 27,000 ரூபாய். கையில் இல்லாததால் மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் கொடுத்தேன்.

பங்குனி வெயிலில் அந்தப் பூச்சு அப்பளம்போல் குமிழ்விட்டு உரிந்துபோனது. சித்திரையில் வயதான கொத்தனார் ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். அவர் தட்டோடுகளைக் கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நடந்தார்.

“ஈரத் தளத்து மேல அடிச்சா எந்த மருந்தும் நிக்காது தம்பி. தளம் எலும்பாக் காயணும். போன சித்திரையிலேயே கூப்பிட்டிருக்கணும்.”

“சித்திரையில கையில காசு இல்லண்ணே.”

“ஐப்பசியில மட்டும் எங்கிருந்து வந்துச்சு?”

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்டார். யோசித்துப் பார்த்தால் பணம் எப்படியும் வெளியே போயிருக்கிறது. வட்டியோடு, தவறான மாதத்தில், நிலைக்காத வேலைக்குப் போயிருக்கிறது. அன்று அவர் விண்டுபோன ஓட்டு இணைப்புகளைக் கீறி எடுத்து, புதுக் கலவை அடைத்து, 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். “இது மூணு வருஷம் தாங்கும். அதுக்கப்புறம் பேர்த்துப் போட்டுத்தான் ஆகணும். இப்பவே சேர்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டுப் பராமரிப்பு நிதி அன்றைக்குத் தொடங்கியது. அதற்கான கணக்கை எப்படிப் போட்டோம் என்பதை முழுதாகச் சொல்கிறேன். சொந்த வீட்டில் இருப்பவர்கள் ‘வாடகை மிச்சம்’ என்று எண்ணிக்கொண்டிருக்கும் பணத்தில் ஒரு பகுதி அந்த வீட்டுக்கே சேரவேண்டியது.

சதவீதக் கணக்கு ஏன் உதவாது

வீட்டின் மதிப்பில் ஆண்டுக்கு ஒரு சதவீதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு பொதுவிதி சொல்லப்படுகிறது. நம் ஊர்களில் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்குத் தவறும். இங்கே வீட்டு விலையின் பெரும்பகுதி மனையின் விலை. மனை ஒழுகுவதில்லை, துருப்பிடிப்பதில்லை. 900 சதுர அடி மொட்டை மாடிக்கு ஓடு பதிக்கும் செலவு சென்னை தியாகராய நகரிலும் மதுரைப் புறநகரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு வீடுகளின் விலையோ பல மடங்கு வேறுபடும். ஒரு சதவீதம் என்று போட்டால் ஒருவர் தேவைக்கு மேல் சேர்ப்பார், மற்றவருக்குப் போதாது.

ஆகவே வீட்டைப் பொருள் பொருளாகப் பிரித்துப் பார்ப்பதே நேரான வழி. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: இன்று புதிதாகப் போட எவ்வளவு ஆகும்? மொத்தம் எத்தனை ஆண்டு உழைக்கும்? அதில் எத்தனை ஆண்டு ஏற்கெனவே கழிந்துவிட்டது? முதல் இரண்டைத்தான் பலரும் கேட்பார்கள். மூன்றாவதைக் கேட்காமல் விடுவதால்தான், மாதாமாதம் சேர்த்தும் தேவைப்படும்போது பணம் போதவில்லை என்ற நிலை வருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், அதிகப் பணம் கேட்கும் இடமான மேல்தளத்தைப் பார்ப்போம்.

மேல்தளம் சொல்லும் அறிகுறிகள்

கான்கிரீட் தளம் தண்ணீரைத் தானே தடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறோம். கான்கிரீட்டில் நுண்துளைகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத விரிசல்களும் உண்டு. அதனால்தான் அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஓர் அடுக்குப் போட்டு, அதற்கும் மேல் தட்டோடு பதித்தார்கள். இப்போது பல வீடுகளில் வெள்ளை நிறக் குளிர்ச்சி ஓடு பதிக்கிறார்கள். வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்வது இந்த மேலடுக்குதான். தேய்ந்து முடிந்ததும் மாற்றுவதற்கென்றே இருப்பது இது. அடியிலுள்ள கான்கிரீட்டும் கம்பியும் அப்படியில்லை.

மேலடுக்கு விட்டுக்கொடுத்தால் நீர் கான்கிரீட்டில் இறங்கிக் கம்பியைத் தொடும். துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். உள்ளே அப்படி வீங்குவதால் கீழ்ப்புறம் கான்கிரீட் உப்பிப் பெயர்ந்து விழும். ‘காரை பெயர்கிறது’ என்று சொல்லிச் சிமெண்ட் பூசி மறைத்தால், துரு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கட்டத்தில் பெயர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டித் துருநீக்கி, தடுப்புப் பூச்சு அடித்து, சிறப்புக் கலவையால் மறுபடி மூடவேண்டும். ஓட்டு இணைப்பு அடைப்பது சில ஆயிரம் ரூபாய் வேலை. ஓட்டைப் பெயர்த்து மறுபடி போடுவது ஒன்றரை லட்சம். கம்பிக்குத் துரு ஏறினால் கட்டடத்தின் ஆயுளே குறைகிறது. ஒன்றைத் தள்ளிப்போட்டால் அடுத்ததில் கொண்டுபோய் விடும்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை நாமே பார்த்துக்கொள்ளலாம். நல்ல மழை விட்டு ஒருநாள் கழித்து மாடிக்குப் போங்கள். எங்காவது தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே வாட்டம் போய்விட்டது என்று பொருள். மழைநீர்க் குழாயை நோக்கிப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு இருக்கவேண்டும். பிறகு ஓடுகளைத் தட்டிப் பாருங்கள். கெட்டியாகப் பிடித்திருப்பது அடர்ந்த ஒலி தரும். அடியில் விட்டுப்போனது பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒலித்தால் அந்த ஓடுகளை மட்டும் மாற்றினால் போதும். பரவலாக ஒலித்தால் மொத்தமாகப் பெயர்க்கும் காலம் நெருங்கிவிட்டது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசலோ, முளைத்த அரசங்கன்றோ இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான ஒழுகல் அந்த மூலையில்தான் தொடங்குகிறது.

கீழே வந்து கூரையையும் சுவர்களையும் பாருங்கள். ஈரக்கறை மழைக்காலத்தில் மட்டும் விரிந்து கோடையில் காய்ந்தால் மேல்தளம் காரணம். ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருந்தால் ஏதோ ஒரு குழாய் கசிகிறது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை மட்டும் சுவர் பொரிந்து உப்புப் பூத்தால் மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது. கூரையில் நேர்கோடாகப் பழுப்புக்கறை ஓடினால் அது கம்பியின் துரு. உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். ஈரக்கறைக்கு வண்ணம் அடித்துப் பணத்தை வீணாக்குவது, இந்த வேறுபாட்டைப் பார்க்காததால்தான் நடக்கிறது.

குழாய்களும் குளியலறையும்

குழாயில் பணம் விழுங்குவது குழாயின் விலை இல்லை. சுவருக்குள் புதைந்திருப்பதை மாற்ற ஓட்டை உடைக்கவேண்டும், மறுபடி பதிக்கவேண்டும், அதே நிறத்தில் ஓடு கிடைக்காததால் முழுச் சுவரையும் மாற்றவேண்டும். ஆகவே குளியலறைக் குழாய், தரை ஓடு, தரைக்கடியிலுள்ள நீர்த்தடுப்பு, கழிவுநீர் டிராப் எல்லாவற்றையும் ஒரே பொருளாகக் கணக்கில் எழுதுவது நல்லது. ஒன்றுக்காக உடைக்கும்போது மற்றவையும் வெளியே வந்துவிடும்.

பழைய வீடுகளில் ஜி.ஐ. குழாய் இருக்கும். காலையில் முதலில் திறக்கும்போது செந்நிறத் தண்ணீர் வருவதும், தொட்டி நிறைந்திருந்தும் ஷவரில் வேகம் குறைவதும் அது உள்ளுக்குள் துருவாலும் உப்புப் படிவாலும் அடைந்துவருவதன் அடையாளம். பிளாஸ்டிக் குழாய்க்குத் துரு இல்லை; அதன் பலவீனம் இணைப்புகளிலும் வால்வுகளிலும் இருக்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரவு படுக்கும்முன் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். இரவு யாரும் தண்ணீர் எடுக்காமல் காலையில் மட்டம் குறைந்திருந்தால் எங்கோ போகிறது. கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் சிறிது வண்ணப்பொடி கரைத்து அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளிருக்கும் ரப்பர் வாசர் போய்விட்டது. சில நூறு ரூபாயில் முடியும் இந்த வேலைதான், கவனிக்காமல் விடும்போது மோட்டாரைக் கூடுதலாக ஓடவைத்து அதன் ஆயுளையும் தின்கிறது.

எங்கள் வீட்டுக் கணக்கு

சித்திரையில் கொத்தனார் போன பிறகு ஒரு நோட்டில் எழுதிய பட்டியல் இது. விலைகள் அன்று மதுரையில் விசாரித்தவை. ஆயுள் எங்கள் உப்புத் தண்ணீரையும் வெயிலையும் கருதிப் போட்டது. உங்கள் ஊரில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மேல்தள ஓடு பெயர்த்துப் போட: ரூ. 1,44,000, 18 ஆண்டு, ஆண்டுக்கு 8,000.
வெளிச்சுவர் வண்ணம்: ரூ. 60,000, 6 ஆண்டு, ஆண்டுக்கு 10,000.
இரண்டு குளியலறைகள், குழாயோடு: ரூ. 1,50,000, 25 ஆண்டு, ஆண்டுக்கு 6,000.
ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்: ரூ. 20,000, 8 ஆண்டு, ஆண்டுக்கு 2,500.
இன்வெர்ட்டர் பேட்டரி: ரூ. 15,000, 5 ஆண்டு, ஆண்டுக்கு 3,000.
ஃப்ரிட்ஜ்: ரூ. 30,000, 12 ஆண்டு, ஆண்டுக்கு 2,500.
வாஷிங் மெஷின்: ரூ. 25,000, 10 ஆண்டு, ஆண்டுக்கு 2,500.
கீசர் இரண்டு: ரூ. 18,000, 9 ஆண்டு, ஆண்டுக்கு 2,000.
ஏ.சி. ஒன்று: ரூ. 40,000, 10 ஆண்டு, ஆண்டுக்கு 4,000.
சில்லறைப் பழுதுகள் (குழாய் மாற்றுவது, தொட்டி கழுவுவது, பிளம்பர் கூலி): ஆண்டுக்கு 7,500.

கூட்டினால் ஆண்டுக்கு 48,000. மாதம் 4,000 ரூபாய். வெளிச்சுவர் வண்ணத்தை அழகுக்கான செலவு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சாரல் மழையிலிருந்து சுவரைக் காப்பது அதுதான்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஓட்டுக்கு ஆண்டுக்கு 8,000 என்றால், கழிந்துபோன 15 ஆண்டுகளில் 1,20,000 ரூபாய் மதிப்புள்ள ஓட்டை நாங்கள் பயன்படுத்தித் தீர்த்துவிட்டோம். குளியலறையில் 90,000. வண்ணம் அடித்து நான்காண்டு ஆகியிருந்ததால் அதில் 40,000. ஃப்ரிட்ஜ் எட்டு, வாஷிங் மெஷின் ஆறு, கீசரும் ஏ.சி.யும் ஐந்து, பேட்டரி மூன்று, மோட்டார் இரண்டு ஆண்டு ஓடியிருந்தன. எல்லாம் சேர்த்து 3,29,000 ரூபாய். நிதியில் அன்று இருக்கவேண்டிய தொகை அது. இருந்தது சுழியம்.

இந்த எண்ணைப் பார்த்து மலைத்துவிட்டேன். பிறகு, மொத்தமும் ஒரே நாளில் தேவைப்படாது என்பதால் எந்த ஆண்டில் எது வரும் என்று எழுதினேன். இரண்டாம் ஆண்டில் வண்ணமும் பேட்டரியும், மூன்றாம் ஆண்டில் மேல்தளம், நான்காம் ஆண்டில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் மூன்றும், ஐந்தாம் ஆண்டில் ஏ.சி. மாதம் 4,000 மட்டும் சேர்த்தால் மேல்தளத்துக்கு வரும்போது 97,500 ரூபாய் குறைந்தது. அதை 36 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 2,700 சொச்சம். ஆகவே தொகையை 6,750 ஆக்கினேன். அப்படிச் சேர்த்தால் மேல்தளம் முடிந்து நிதியில் 1,500 ரூபாய் மிஞ்சும். நான்காம் ஆண்டு மூன்று பொருள்களையும் மாற்றி 2,000 மிஞ்சும். ஐந்தாம் ஆண்டு ஏ.சி. போக 35,500 நிற்கும். அதன்பின் 4,000-க்குத் திரும்பினாலும், பத்தாம் ஆண்டில் குளியலறை வேலை வரும்போது 1,43,000 இருக்கும். 7,000 ரூபாய்தான் குறை.

பழைய வீட்டில் இருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சமமான மாதத்தொகை புது வீட்டுக்குப் பொருந்தும். பத்துப் பதினைந்தாண்டு ஆன வீட்டுக்கு முதல் சில ஆண்டுகள் கூடுதலாகச் சேர்க்கவேண்டும், அல்லது தீபாவளி போனஸ் போன்ற ஒரு தொகையை முதலிலேயே போட்டுவைக்கவேண்டும்.

விலை ஏறுமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு சித்திரையிலும் ஓடு பதிக்கச் சதுர அடிக்கு என்ன, மோட்டார் என்ன விலை, ஃப்ரிட்ஜ் என்ன விலை என்று மூன்றை மட்டும் விசாரித்து, அதற்கேற்ப மாதத்தொகையை உயர்த்திவிடுகிறோம். இரண்டாம் ஆண்டு 7,100, மூன்றாம் ஆண்டு 7,500 என்று ஏற்றினோம்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

இந்தப் பட்டியலில் இன்னொரு பயன் உண்டு. கடைக்காரர் ‘பழையது ஆகிவிட்டது, மாற்றிவிடுங்கள்’ என்கிறார். மெக்கானிக் ‘சரிசெய்துவிடலாம்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

எங்கள் ஃப்ரிட்ஜ் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு உழைக்கிறது என்பது கணக்கு. மெக்கானிக்கிடம் ‘சரிசெய்தால் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும்?’ என்று கேளுங்கள். 4,000 ரூபாய்ச் செலவில் மூன்றாண்டு ஓடும் என்றால், 7,500 ரூபாய் உழைப்பு கிடைக்கிறது, பழுது பார்க்கலாம். கம்ப்ரஸர் மாற்ற 12,000 ஆகும், மூன்றாண்டு ஓடும் என்றால் மாற்றிவிடுவதே நல்லது. ஆண்டுச் செலவை எதிர்பார்க்கும் ஆண்டுகளால் பெருக்கி, வரும் தொகையைவிடப் பழுதுச் செலவு கூடினால் புதிது வாங்குங்கள்.

ஆயுளை நீட்டும் சிறு செலவுகளும் இருக்கின்றன. தொட்டியுள்ள கீசருக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தண்ணீரின் அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காப்பது அதன் வேலை. அது கரைந்து முடிந்தபின் தொட்டிதான் அரிபடும். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்த்து மாற்றினால் சில நூறு ரூபாயோடு போகிறது. விட்டால் கீசரே போகும். மோட்டாருக்கு, கிணற்றில் நீர் வற்றினால் தானே நின்றுவிடும் தடுப்புக் கருவி அதே வேலையைச் செய்கிறது. நீரில்லாமல் ஓடித்தான் கோடையில் பல மோட்டார்கள் எரிகின்றன.

பணத்தை எங்கே வைப்பது

இந்தப் பணத்துக்கு இரண்டு குணம் வேண்டும்: தேவைப்பட்ட வாரத்தில் கைக்கு வரவேண்டும், தேவைப்படாத நாளில் கண்ணில் படக்கூடாது. சம்பளம் விழும் கணக்கிலேயே இருந்தால் பள்ளிக் கட்டணத்திலும் கல்யாண மொய்யிலும் கரைந்துவிடும். நாங்கள் வேறொரு வங்கியில் தனிக் கணக்குத் திறந்தோம். அதில் சுமார் 30,000 ரூபாய் எப்போதும் நிற்கும். மோட்டாரோ ஃப்ரிட்ஜோ திடீரென்று போனால் அதைத் தொடுகிறோம். தொடக்கத்தில் கிடைத்த ஊக்கத்தொகை ஒன்றைக் கொண்டு அந்த 30,000-ஐ வைத்தேன். எடுத்தால் அடுத்த மாதங்களில் நிரப்பிவிடுகிறோம். மீதி, மாதந்தோறும் தானாகத் தொடர் வைப்புக்குப் போகிறது. வங்கித் தொடர் வைப்பை இடையில் முடித்தால் வட்டி சற்றுக் குறையும், முதல் போகாது. அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்கானது. மூன்றாண்டு முடியும்முன் அதை மூட முடியாது என்பதால், தொலைவில் உள்ள குளியலறை வேலை போன்றவற்றுக்குத்தான் பொருந்தும்.

பங்குச்சந்தையில் போட்டால் கூடுதலாக வருமே என்பவர்கள் உண்டு. ஓடு உடைகிற ஆண்டு சந்தை விழாத ஆண்டாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. மூன்றாண்டுக்குள் செலவாகப்போகும் பணத்துக்கு அந்த இடம் ஏற்றதில்லை.

வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டை வழங்குகின்றன. தீ, புயல், வெள்ளம் ஆகியவற்றோடு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ திடீரென வெடித்து உண்டாகும் சேதமும் அதில் அடங்கும். ஆனால் நாள்பட்ட தேய்மானத்துக்கும் பராமரிப்பு இல்லாமையால் வரும் சேதத்துக்கும் காப்பீடு பணம் தராது. பதினைந்தாண்டு ஓடு ஒழுகுவது தேய்மானம். விபத்துக்குக் காப்பீடும், தேய்மானத்துக்கு நிதியும் ஆக இரண்டும் வேண்டும்.

மாடியையோ வீட்டின் ஒரு பகுதியையோ வாடகைக்கு விட்டிருப்பவர்கள், வாடகையிலிருந்தே இதைத் தொடங்கலாம். செலுத்திய சொத்துவரியைக் கழித்தபின் மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தை, செலவுக்கு ரசீது கேட்காமலே வருமான வரிச் சட்டம் கழித்துக்கொள்ள விடுகிறது. வரி கட்டாத அந்தப் பணத்தில் ஒரு பகுதியேனும் வீட்டுக்குப் போவது நியாயம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களின் பட்டியலில் மொட்டை மாடியும் பொது மோட்டாரும் இருக்காது. அவை சங்கத்தின் பொறுப்பு. ஆனால் சங்கத்தின் கையிருப்பு எவ்வளவு, மாடி வேலை எந்த ஆண்டு வரும் என்று பொதுக்கூட்டத்தில் கேட்கவேண்டியது ஒவ்வொரு உரிமையாளரின் கடமை.

பங்குனியில் நடந்த வேலை

கொத்தனார் சொன்ன மூன்றாண்டு முடிந்த பங்குனியில் வேலையைத் தொடங்கினோம். சதுர அடிக்கு 160 என்று எழுதியிருந்தது 175 ஆகியிருந்தது. மொத்தம் 1,57,500 ரூபாய். தொகையை ஆண்டுதோறும் உயர்த்தியதாலும் வட்டி சேர்ந்ததாலும் நிதியில் அதற்குமேல் கொஞ்சம் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை, வளையல் பெட்டியிலேயே இருந்தது.

அவசரம் இல்லாததால் மூன்று பேரிடம் விலை கேட்க முடிந்தது. பழைய ஓட்டையும் சுண்ணாம்பு அடுக்கையும் முழுதாகப் பெயர்த்தார்கள். தளத்தைப் பத்து நாள் வெயிலில் காயவிட்டார்கள். விரிசல்களை அடைத்து, கைப்பிடிச் சுவர் மூலையை வளைவாகப் பூசி, தடுப்புப் பூச்சைச் சுவரில் ஓரடி உயரம்வரை ஏற்றினார்கள். பிறகு மழைநீர்க் குழாயை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். 900 சதுர அடியில் ஓர் அங்குலம் என்பது இரண்டு டன்னுக்கு மேல் எடை. பெயர்ந்து பலவீனமான தளத்தில் பொறியாளரைக் கேட்காமல் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. கீழே ஈரம் தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான் வாட்டம் பிடித்து ஓடு பதித்தார்கள். மழை நெருக்கும் ஐப்பசியில் காயவிடவும் முடியாது, இந்தச் சோதனையும் நடக்காது.

எந்த ஓடு, எந்தத் தேதி, யார் செய்தது, எவ்வளவு ஆனது என்று நோட்டில் எழுதி, ஓடு மூடும்முன் எடுத்த படங்களையும் சேர்த்துவைத்திருக்கிறோம். மேல்தளத்துக்கான ஆண்டுக் கணக்கு இப்போது மறுபடி முதலாம் ஆண்டிலிருந்து ஓடுகிறது.

உங்கள் வீட்டுக்கு இப்படியொரு நோட்டு இன்னும் இல்லையென்றால், அடுத்த மழை விட்ட மறுநாள் மாடிக்குப் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஓடு பதித்த ஆண்டையும், இன்று பெயர்த்துப் போட ஆகும் தொகையையும் முதல் வரியாக எழுதுங்கள். சேர்க்கத் தொடங்க அந்த ஒரு வரி போதும்.